கூட்டத்தில ஓமெண்டினம், வாய்க்காலுக்கு ஒருத்தரும் வரேல்லை

"மாரிக்கு முன்னம் வெள்ள வாய்க்கால் துப்பரவாக்கிற வேலையை என்ர தலையில கட்டியிருக்கினம், அண்ணை. மூண்டு இடத்தாக்கள் சேரவேணும். நான் ஒருத்தருக்கும் மேலதிகாரி இல்லை." (பிரதேச செயலக அபிவிருத்தி உத்தியோகத்தர், கோப்பாய்)

தங்கச்சி, கூட்டத்துக்கு ஆர் வந்தவை எண்டு முதல் பாருங்கோ. பொறியியலாளர் வராமல் தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பியிருந்தால், அவற்ற "ஓம்" எண்டது "போய்ச் சொல்லுறன்" எண்டதுதான். நான் இப்படியொரு வேலையில மூண்டு கூட்டம் வைச்சு ஏமாந்த ஆள்.

எங்கட வாய்க்கால் பெரிய றோட்டில வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர மதகுக்குக் கீழயும், அடுத்த றோட்டில மாகாணத் திணைக்களத்தின்ர மதகுக்குக் கீழயும் போகும். ஒழுங்கையள் பிரதேச சபையின்ர. தனித்தனியக் கந்தோருக்குப் போய்க் கதைச்சாப் பிறகுதான் விளங்கினது, ஆரும் பஞ்சியில இருக்கேல்லை. கீழ்மதகு அடைபட்டிருக்க மேல்பக்கத்தைத் திறந்தால் தண்ணி சனத்தின்ர வளவுக்குள்ள போகும், பேச்சு மேல்பக்கத்தாருக்கு. அதாலை எல்லாரும் கீழ இருக்கிறவனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கினம். கீழ்மதகு பிரதேச சபையின்ர. அவையிட்ட பெக்கோ நிண்டது, அள்ளுற சேறைக் கொட்ட இடமில்லை. கிராம அலுவலர் ஒரு பள்ளக் காணி பிடிச்சுத் தந்தார். முடிச்சு அதிலதான் அவிழ்ந்தது.

பிறகு ஒரு தாளில எந்தத் துண்டு, ஆர், எந்த நாள், அதுக்கு முன்னம் அவருக்கு ஆரிட்டயிருந்து என்ன வேணும் எண்டு பென்சிலால எழுதிக் கொண்டுபோய்க் காட்டினன். பொறியியலாளர் என்ர திகதியை வெட்டித் தன்ர கையாலை வேறை போட்டார். அந்த நாளுக்கு ஆள் வந்து நிண்டது.

"இவ்வளவு ஏன்? அவையின்ர பெரியவருக்குப் பிரதி போட்டு ஒரு கடிதம் அடியுங்கோ, ஓடி வருவினம்." (மானிப்பாய்)

பாதி சரி. பதில் கடிதம் ஓடி வரும், பெக்கோ வராது. மேலிடத்துக்குப் போகத்தான் வேணுமெண்டால் முதலே அந்தப் பொறியியலாளரிட்டச் சொல்லுங்கோ: "வியாழனுக்குள்ள சரிவராட்டி ரெண்டுபேரும் சேர்ந்து பிரதேச செயலாளரிட்டக் கதைப்பம்." அவருக்கும் மேல ஒரு தடை இருக்கும், உங்களைச் சாட்டி அதைச் சொல்லுவார்.

"எனக்குக் கீழ வேலை செய்யிற பெடியங்களே சொல்வழி கேக்கிறாங்களில்லை. என்ன செய்ய?" (சுன்னாகம், கடை முதலாளி)

சம்பளம் குடுக்கிறது நீங்கள், முதலாளி. இது வேறை வருத்தம், வேறை மருந்து.

"திரும்பவும் நான்தான் அண்ணை. ஒரு பகுதி கடைசிவரைக்கும் வராட்டி?"

எங்களுக்கும் நடந்தது. வாய்க்காலுக்க நிண்ட ஒரு போஸ்ற்றை மாத்தித் தர ஒருத்தரும் வரேல்லை. அந்தத் துண்டை விட்டிட்டு மிச்சத்தை முடிச்சம். விட்ட துண்டை அறிக்கையில எழுதினன், ஆற்ற பிழை எண்டு எழுதேல்லை. எழுதியிருக்க வேணுமோ எண்டு இப்பவும் யோசிக்கிறனான். அந்த மாரிக்கு அதில முழங்கால் தண்ணி நிண்டது.