கல்லாப் பணம் எந்தக் கணக்கில்?

"ஸ்ரீராமபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தினமும் ரொக்கமாக மூவாயிரம், க்யூஆரில் மூவாயிரத்து ஐந்நூறு வரும். எல்லாம் என் சேவிங்ஸ் கணக்கில்தான் போகிறது. கரண்ட் அக்கவுண்ட் போடச் சொல்கிறார்கள். வட்டியும் கிடையாது, மினிமம் பேலன்ஸும் வைக்க வேண்டும் என்றால், அது எனக்கு எதற்கு?"
- ஒரு வாசகி, பெங்களூரு

கரண்ட் அக்கவுண்ட் போடுங்கள், சகோதரி. சேவிங்ஸையும் மூட வேண்டாம். அது வீட்டுக்கு இருக்கட்டும்.

வட்டியை முதலில் பார்த்துவிடுவோம். கரண்ட் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். அதே பணம் சேவிங்ஸில் 2.5% வட்டிக்குக் கிடந்தால் வருடத்துக்கு 250 ரூபாய். உங்கள் கல்லாப் பணமோ இரண்டு மூன்று நாளில் மொத்த வியாபாரியிடம் போய்விடுகிறது, அதற்கு வட்டி என்று பெரிதாக எதுவும் சேராது. ரொக்கம் கட்டுவதில்தான் உண்மையான செலவு. பல வங்கிகள் சேவிங்ஸில் மாதம் மூன்று நான்கு முறைதான் இலவசமாகக் கட்ட விடும். அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் ஐம்பது ரூபாயும் 18% ஜிஎஸ்டியும் என்றால் 59 ரூபாய். வாரம் இரண்டு முறை கட்டினாலே மாதம் 250, 300 ரூபாய் போய்விடும். நீங்கள் பயந்த வருட வட்டி முழுவதும் இந்த ஒரே மாதத்தில் கரைந்துவிடுகிறது.

அதைவிட முக்கியமானது, கடைப் பணமும் வீட்டுப் பணமும் கலப்பது. உங்கள் ரொக்கம் முழுவதையும் சேவிங்ஸில் கட்டினால் வருடத்துக்கு 10.8 லட்சம். ஒரு நிதியாண்டில் சேவிங்ஸில் ரொக்கமாக 10 லட்சம் சேர்ந்தாலே வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். கரண்ட் கணக்குக்கு அந்த வரம்பு 50 லட்சம். தெரிவித்தார்கள் என்பதாலேயே வரி வந்துவிடாது. ஆனால் "இது என்ன பணம்?" என்ற கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். போதாததற்கு, வியாபார நிறுவனத்துக்குச் சேமிப்புக் கணக்கு கிடையாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கடை வரவைப் பார்த்து வங்கியே ஒருநாள் கேள்வி கேட்கலாம்.

2025 ஜூலையில் நம் ஊரில் நடந்தது நினைவிருக்கும். ஜிஎஸ்டி பதிவு செய்யாத ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்களுக்கு, யூபிஐ வரவை வைத்தே கர்நாடக வணிக வரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. சீட்டு எடுத்த பணம், தம்பி அனுப்பிய கைமாற்று எல்லாம் கடை வரவோடு ஒரே கணக்கில் கலந்திருந்தால், எது வியாபாரம் என்று வரி வரியாகப் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. உங்கள் மொத்த வியாபாரம் வருடத்துக்கு 23.4 லட்சம்தான், பொருள் விற்பவர்கள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டிய 40 லட்ச வரம்புக்கு வெகு கீழே. தனிக் கணக்கு இருந்தால் அதை ஒரே ஸ்டேட்மெண்டில் காட்டிவிடலாம். ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: கணக்கை மாற்றுவதால் வரி குறையாது. வரவு 40 லட்சத்தைத் தாண்டினால் எந்தக் கணக்கில் வந்தாலும் பதிவு செய்தே ஆக வேண்டும்.

கணக்கு திறக்க பான், ஆதாரோடு கடைக்கு இரண்டு சான்று கேட்பார்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு ஒன்று; அரசுத் தளத்தில் ஆதாரை வைத்து நீங்களே செய்யலாம், கட்டணம் இல்லை, ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். இன்னொன்று, தொழிலாளர் துறை தரும் கடைப் பதிவுச் சான்றிதழ்.

வங்கியில் உங்களை உயர்ந்த வகைக் கணக்குக்கு இழுக்கப் பார்ப்பார்கள். இருப்பதிலேயே சிறியதைக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் கட்டண அட்டவணையை வாங்கி மூன்று விஷயம் பாருங்கள்: மாதம் எவ்வளவு ரொக்கம் இலவசமாகக் கட்டலாம், வேறு கிளையில் கட்டினால் என்ன கட்டணம், பத்து இருபது ரூபாய் நோட்டுக்கும் சில்லறைக்கும் தனிக் கட்டணம் உண்டா. மளிகைக் கடைக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் உயிர்.

மினிமம் பேலன்ஸ் பெரும்பாலும் மாதச் சராசரிதான். தினமும் கணக்கு முடியும்போது இருக்கும் தொகையைக் கூட்டி நாட்களால் வகுப்பார்கள். பத்தாயிரம் சராசரி என்றால் முப்பது நாள் கூட்டுத்தொகை மூன்று லட்சம் வர வேண்டும். மாதத் தொடக்கத்தில் அறுபதாயிரம் ஐந்து நாள் கிடந்தாலே அது நிறைவேறிவிடும். ஆகவே மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்பும் தேதியைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாலே போதும்.

கணக்கு வந்ததும் வீட்டுச் செலவை வாரம் ஒருமுறை, ஒரே தொகையாக, கரண்டிலிருந்து சேவிங்ஸுக்கு மாற்றுங்கள். கல்லாவிலிருந்து கைக்கு வந்ததை எடுத்தால் கணக்கு மறுபடி குழம்பிவிடும். சீட்டும் கைமாற்றும் சேவிங்ஸோடு நிற்கட்டும்.

க்யூஆரை மறந்துவிடாதீர்கள். பலர் கணக்கு திறந்துவிட்டு, பழைய ஸ்டிக்கரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பணம் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும். கடைக்கான க்யூஆர் என்றால் செயலியில் பணம் சேரும் வங்கிக் கணக்கை மாற்றலாம். உங்கள் சொந்த போன் எண்ணின் க்யூஆர் என்றால் கடைப் பெயரில் புதிதாக வாங்குங்கள். இன்னொரு போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பி, மறுநாள் அது கரண்ட் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பழைய ஸ்டிக்கரைக் கிழியுங்கள்.