மொறுமொறுப்பும் முகக்குறியும்

வணக்கம் ஐயா,

உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு ஒன்றும் இல்லை, எல்லாம் வழக்கால் வந்தவை என்று போன கிழமை சொன்னேன். பின் வாங்கில் இருந்து ஒரு பெடியன், "அப்ப ரீச்சர், முறுக்கைக் கொழகொழ எண்டும் கூழை மொறுமொறு எண்டும் சொல்லலாமோ?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. பூபா, கிகி என்ற சோதனையைத் தமிழரிடமும் செய்தார்களாமே, அது இதற்குச் சான்றாகுமா?

ஒரு வாசகி, சுன்னாகம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பெடியனுக்கு என் கணக்கில் ஒரு பை முறுக்கு வாங்கிக் கொடுங்கள். கேட்டது நல்ல கேள்வி. ஆனால் வகுப்பு சிரித்ததைச் சான்றாக எடுக்க முடியாது. பால்குடி வயதில் இருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'மொறுமொறு' என்றதும் பல்லுக்கிடையில் ஏதோ நொறுங்கத்தான் செய்யும். 'கமகம' என்றால் எங்களுக்கு மூக்கில் மணக்கவில்லையா? மணத்துக்கு ஏது சத்தம்? பழக்கம் எது, ஓசையின் வேலை எது என்று எங்கள் காதால் பிரிக்க இயலாது. தமிழே தெரியாத காது வேண்டும்.

அப்படி ஒரு காது போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கே வந்தது. நோர்வேயில் இருக்கும் என் பெறாமகன் மனைவியோடு வந்து நின்றான். அந்தப் பிள்ளை நோர்வேக்காரி. 'வணக்கம்', 'காணும்' இரண்டும்தான் தெரியும். பின்னேரத் தேத்தண்ணியோடு பத்துச் சொற்களை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொருள் சொல்லி ஒன்றைத் தெரியச் சொன்னேன். 'சொரசொர' என்பது பனையின் அடிமரத்தைத் தடவுவது போலா, பளிங்குத் தரையைத் தடவுவது போலா? 'கொழகொழ' கூழா, முறுக்கா? பத்தில் ஒன்பது சரி. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டினால் ஒன்பதோ பத்தோ சரியாக வருவதற்கான வாய்ப்பு 1024இல் 11தான். நான் துள்ளிக் குதித்தேன்.

பெறாமகன் விடவில்லை. "சித்தப்பா, நீங்கள் முகத்தாலயே விடையைச் சொல்லிப் போட்டியள்!" என்றான். உண்மைதான். 'கொழகொழ'வை வாய் வழிய இழுத்திருக்கிறேன், 'சொரசொர'வுக்கு மூக்கைச் சுளித்து விரலால் காற்றைச் சுரண்டியிருக்கிறேன். சரி என்று வேறு பத்துச் சொற்களை எடுத்து, கதவுக்குப் பின்னால் நின்று, வரவுப் பதிவு கூப்பிடுகிற குரலில் சொன்னேன். ஆறு சரி. காசைச் சுண்டினாலும் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 38 தடவை ஆறோ அதற்கு மேலோ வரும். ஆக, என் சான்று தேத்தண்ணியோடு ஆறிப்போனது.

இதே குழப்பத்தைத்தான் 2016இல் மொழியியலாளர் மார்க் டிங்கமான்சே குழுவினர் முறையாகப் பிரித்துப் பார்த்தார்கள். எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோணமாகத் திருத்திக் கட்டிய ஒல்லாந்தரின் வழிவந்த 82 பேரைத்தான் கேட்பதற்கு வைத்தார்கள். யப்பானியம், கொரியம், மலேசியாவின் செமாய், மேற்கு ஆபிரிக்காவின் சிவு, எவே ஆகிய ஐந்து மொழிகளில் இருந்து மொறுமொறு, கொழகொழ போன்ற 203 ஒலிக்குறிப்புச் சொற்கள். என்னுடையது போலவே இரண்டில் ஒன்றைத் தெரியும் சோதனை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் நான்கு வடிவத்தில் இருந்தது: மனிதர் சொன்ன பதிவு, அதை அப்படியே கணினியால் மீண்டும் ஒலித்தது, எழுத்தொலியை வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தை எடுத்துவிட்டது, ஏற்ற இறக்கத்தை மட்டும் விட்டு எழுத்தொலியை எடுத்துவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றதன் திருந்திய வடிவம் என்று வையுங்கள்.

ஒல்லாந்தர் குருட்டாம்போக்கில் சொல்வதை விடக் கூடுதலாகவே சரியாகச் சொன்னார்கள். ஆனால் கொஞ்சம்தான் கூடுதல். எழுத்தொலி மட்டும் போதவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும் போதவில்லை, இரண்டும் கைகோக்கும்போதுதான் பொருள் பிடிபட்டது. 'ற' வந்தாலே நொறுங்கும், 'ழ' வந்தாலே வழுக்கும் என்று எழுத்துக்கு எழுத்து குணம் எழுதிவைப்பவர்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். சத்தத்தையே குறிக்கும் சொற்கள் மற்றவற்றை விட எளிதாகப் பிடிபட்டன என்பதையும் கவனியுங்கள்.

இனி பூபா, கிகி. 2001இல் மூளை ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பார்டும் ஒரு கூர்முனை உருவத்தையும் ஒரு உருண்டை உருவத்தையும் காட்டி எது பூபா, எது கிகி என்று கேட்டார்கள். அமெரிக்க மாணவர்களும் இந்தியத் தமிழரும் கிட்டத்தட்ட எல்லோரும் கிகி என்று கூர்முனையைக் காட்டினார்கள் என்று எழுதினார்கள். இதை வாசித்ததும் எழுந்த ஐயம்: ஆங்கிலத்தின் K கூர், B உருண்டை. எழுத்தைப் பார்த்துச் சொன்னார்களா? தமிழில் பாருங்கள், 'ப'தான் பெட்டி போல மூலை மூலையாக நிற்கிறது, 'கி' வளைந்து சுழிக்கிறது. எழுத்துத்தான் காரணம் என்றால் தமிழ் எழுத்தை நினைப்பவர் மாறிச் சொல்லவேண்டும். 2022இல் 25 மொழிகள் பேசும் 917 பேருக்கு எழுத்தைக் காட்டாமல் குரலை மட்டும் கேட்கவிட்டுச் செய்தபோது மொத்தத்தில் 72 விழுக்காட்டினர் எதிர்பார்த்தபடி சொன்னார்கள். உரோமன் எழுத்துக்காரர், மற்ற எழுத்துக்காரர் என்ற பேதம் பெரிதாக இல்லை. ஆனாலும் துருக்கி, உருமேனிய, மண்டரின் மொழியினரிடம் அது எடுபடவில்லை. பூபா, கிகி இரண்டும் சோதனைக்கென்றே அடித்து உருவாக்கிய சொற்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். அவற்றில் கிடைத்த பெரிய எண்ணிக்கையை உண்மையான சொற்களுக்கு மாற்றி எழுத முடியாது. 203 சொல் சோதனை காட்டியது அதைத்தான்.

'ற' பற்றிச் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். 332 மொழிகளை ஒப்பிட்ட இன்னொரு 2022 ஆய்வு, கரடைக் குறிக்கும் சொல்லில் உருண்டு அதிரும் ரகரம் வழுவழுப்பைக் குறிக்கும் சொல்லை விட அடிக்கடி வருகிறது என்று காட்டியது. எங்களிடமும் கரடு, முரடு, சொரசொர ஒரு பக்கம். வழவழ, மழமழ மறுபக்கம். இது சாய்வுதான், விதி அல்ல. 'அரவணைப்பு' என்பதிலும் ரகரம் உண்டே. யப்பானியர் மொறுமொறுப்பை 'கரிகரி' என்பார்கள். ரகரம் பொருந்துகிறது என்று நீங்கள் மகிழலாம். ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு அது அடுப்புக்கரி.

ஆக, நீங்கள் சொன்னதில் 'எல்லாம்' என்ற சொல் மட்டும்தான் கூடிப்போனது. சொல்லுக்கும் பொருளுக்கும் உறவு வழக்கால்தான் என்று வாதிட்ட மொழியியலாளர் சொசூரே ஒலிப்போலிச் சொற்களை மறக்கவில்லை. அவை சில, அவையும் பாதி வழக்கு என்று ஒதுக்கினார், அவ்வளவுதான். அவருக்கு வெகுமுன்பே தொல்காப்பியம் "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்றது. பார்த்த பார்வையில் தோன்றாது என்றதே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

அந்தப் பெடியன் வகுப்பில் சோதிக்க விரும்பினால் தமிழ் தெரியாத ஒருவரைப் பிடிக்கவேண்டும், சொற்களைக் கைபேசியில் சலனமில்லாத குரலில் பதியவேண்டும், பொருள் தெரிந்தவர் எவரும் முன்னால் இருக்கக்கூடாது. ஒருவரும் பத்துச் சொல்லும் போதாது. இருபது பேராவது வேண்டும்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதில் அந்த நோர்வேப் பிள்ளை தவறவிட்டவற்றில் ஒன்று 'கமகம'. சமையல் வாசமா, தூரத்து மேளமா என்று கேட்டேன். மேளம் என்று அடித்துச் சொன்னாள். அடுத்த நாள் நல்லூரில் தவில் தொடங்கியபோது என் பக்கம் திரும்பி, "மாமா, கமகம!" என்றாள்.