காசநோய் மாத்திரை நின்றபின் ஏறும் ஐ.என்.ஆர்.

"இரத்தம் உறையாமல் இருக்க அப்பா அதே 12 மி.கி. வார்ஃபரின்தான் போடுகிறார். காசநோய் மாத்திரை முடிந்த பத்து நாளில் ஐ.என்.ஆர். 2.4-லிருந்து 4.6 ஆகிவிட்டது. ஏன்?"

ஐ.என்.ஆர். ஏறினால் இரத்தம் உறையத் தாமதமாகிறது என்று பொருள். நிறுத்திய காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின்தான் காரணமாக இருக்கும். அது இருந்தவரை கல்லீரலில் சிஒய்பி2சி9 நொதி கூடுதலாக உருவாகி, வார்ஃபரினை வேகமாகச் சிதைத்தது. 12 மி.கி. தேவைப்பட்டதே அதனால்தான். மாத்திரை நின்றதும் அந்தக் கூடுதல் நொதி ஒரே நாளில் மறையாது, இரண்டு மூன்று வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். குறையக் குறைய வார்ஃபரின் இரத்தத்தில் தேங்கும். அதாவது, 4.6 இன்னும் ஏறலாம்!

இன்றே மருத்துவரிடம் பேசுங்கள், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே. காசநோய்க்கு முன் எத்தனை மி.கி. போட்டார் என்ற பழைய சீட்டு கிடைத்தால் எடுத்துப் போங்கள், புதிய அளவை முடிவு செய்ய அது ரொம்ப உதவும். மலம் கறுப்பாகப் போனாலோ தலையில் அடிபட்டாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.