திருச்சிக்கு மணிக்கோடு: பாகைமானி வேண்டாம், அளவுகோல் போதும்

கேள்வி: திருச்சியில் எங்கள் பள்ளி மாடியில் கிடைமட்டச் சூரியக் கடிகாரம் அமைக்கிறோம். மணிக்கு 15 பாகை வீதம் கோடு போட்டோம். காலை 9 மணிக்கு 11 மணிக்கு மேல் காட்டுகிறது. டேன்ஜென்ட் கணக்கில் எப்படிப் போடுவது?

பதில்: சூரியன் மணிக்கு 15 பாகை சுற்றுவது வட துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும் தகட்டின் விளிம்பைத்தான், தரையை அல்ல. திருச்சியின் அட்சரேகை 10.8 பாகை. முக்கோணத் தகட்டின் சாய்வும் அதுவே.

தகட்டின் சாய்ந்த விளிம்பு தரையைத் தொடும் அடிமுனையிலிருந்து உண்மை வடக்கு நோக்கி நண்பகல் கோடு வரையுங்கள். அதில் 300 மி.மீ. தள்ளி ஒரு புள்ளி வைத்து, அங்கே செங்குத்தாகக் கிழக்கு மேற்காக ஒரு கோடு போடுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து சாய்ந்த விளிம்புக்கு உள்ள மிகக் குறுகிய தூரம் 300 × sin 10.8°, அதாவது 56.2 மி.மீ. சூரியன் விளிம்பைச் சுற்றி H பாகை நகர்ந்தால், நிழல் குறுக்குக்கோட்டில் இவ்வளவு விலகும்:

```
x = 56.2 × tan H
```

நண்பகலிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு H = 15. அப்போது x 15.1 மி.மீ. அடுத்தடுத்த மணிகளுக்கு 32.5, 56.2, 97.4, 209.8. காலை மணிகளை மேற்கிலும் மாலை மணிகளை கிழக்கிலும் குறித்து, ஒவ்வொரு குறியையும் அடிமுனையோடு சேர்த்தால் மணிக்கோடு. ஆறு மணிக்கு tan 90° கிடையாது. அடிமுனை வழியாகச் செல்லும் கிழக்கு மேற்குக் கோடே அது. கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் எல்லாம் கெடும். Tan 45 போட்டு 1 வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

நம் அட்சரேகையில் பாகைமானியை ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையே உள்ள கோணம் வெறும் 2.9 பாகை. அரைப் பாகை பிசகினால் பத்து நிமிடம் போய்விடும். குறுக்குக்கோட்டில் ஒரு மி.மீ. பிசகினால் நான்கு நிமிடம்தான்.

தகட்டுக்குக் கனம் இருந்தால் நண்பகல் கோட்டையும் அதே இடைவெளியில் இரண்டாகப் போடுங்கள். காலை நிழலை மேற்கு விளிம்பும் மாலை நிழலைக் கிழக்கு விளிம்பும் தருவதால், அந்தந்தப் பக்கக் குறிகளை அந்தந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும்.

சரியாகப் போட்ட பிறகும் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது, திருச்சி 78.7-இல் இருப்பதால் நிழல் சராசரியாக 15 நிமிடம் பின்தங்கும். பூமியின் ஓட்டத்தால் அந்த இடைவெளி பிப்ரவரி நடுவில் அரை மணியை நெருங்கும், நவம்பர் முதல் வாரத்தில் ஏறத்தாழ மறைந்துவிடும். ஒரே நாளில் காலையும் மாலையும் இடைவெளி ஒரே அளவாக இருந்தால் கவலை வேண்டாம். காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் இருந்தால், தகட்டின் சாய்வையும் பலகையின் வடக்கு தெற்கு மட்டத்தையும் சோதியுங்கள்.