முதல் டோனட் உள்ளே பச்சை, கடைசி டோனட் முழுக்க எண்ணெய்

கேள்வி: கல்லடியில் வீட்டில் டோனட் செய்து ஓடருக்குக் கொடுக்கிறேன். ஒரே மாவில் செய்தாலும் முதலில் பொரிப்பது நடுவில் பச்சையாக இருக்கிறது, கடைசியில் பொரிப்பது எண்ணெயைக் குடித்துவிடுகிறது. எண்ணெய்ச் சூடு பிழையா, மா பொங்கியது பிழையா?

பதில்: இரண்டும் பிழைதான். முதல் டோனட்டில் மா போதிய அளவு பொங்கவில்லை, எண்ணெயும் அளவுக்கு மேல் காய்ந்திருக்கிறது. கடைசி டோனட்டில் மா அளவு மீறிப் பொங்கிவிட்டது, எண்ணெய்ச் சூடும் இறங்கிவிட்டது. நடுவில் பொரிக்கிற நாலைந்து நல்லாக வந்திருக்குமே, பார்த்தீர்களா?

நானும் கல்முனையில் இப்படித்தான் ஒரு பிறந்தநாள் ஓடரைக் கெடுத்தேன். என் அளவு இது: கோதுமை மா 500 கிராம், பால் 240 மில்லி, ஒரு முட்டை, சீனி 60 கிராம், பட்டர் 60 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், உப்பு 8 கிராம். 50 கிராம் வீதம் 18 டோனட் வரும். என் தாச்சியில் ஒரு தடவைக்கு மூன்றுதான் போடலாம். இரண்டு பக்கமும் பொரிய இரண்டரை நிமிடம், எண்ணெய் திரும்பச் சூடேற ஒன்றரை நிமிடம். ஆறு தடவைக்கு 24 நிமிடம் போய்விடும். குளிர் நாட்டுச் சமையலறையில் அந்த 24 நிமிடத்தில் மா பெரிதாக மாறாது. எங்கட பக்கம் வீட்டுக்குள்ளேயே 31, 32 பாகை. கச்சான் காற்றுக் காலத்தில் அதுக்கும் மேலே. வெட்டி வைத்த டோனட் அரை மணித்தியாலத்திலேயே பொங்கி நிற்கும். அதன் பிறகு இன்னொரு 24 நிமிடம் தட்டில் கிடந்தால் உள்ளே இருக்கிற காற்றறைகள் பெருத்து, சுவர் மெலிந்து, எண்ணெயில் விழுந்ததும் சுருங்கும். மெலிந்த சுவர் வழியாக எண்ணெய் தாராளமாக உள்ளே போகும்.

அதனால் புத்தகத்தில் போட்டிருக்கிற ஒரு மணித்தியாலக் கணக்கை விட்டுவிடுங்கள், விரலை நம்புங்கள். டோனட்டின் பக்கவாட்டில் மா தொட்ட விரலால் மெதுவாக அமத்துங்கள். குழி உடனே நிரம்பினால் இன்னும் பொங்கவில்லை. மெல்ல மெல்லப் பாதி நிரம்பிச் சிறு தடம் மிஞ்சினால் அதுதான் பொரிக்கிற நேரம். குழி அப்படியே கிடந்தால், அல்லது டோனட்டே அமுங்கிப் போனால், பிந்திவிட்டது. பொரித்த பிறகு பார்க்கவும் ஓர் அடையாளம் உண்டு. சரியாகப் பொங்கினது எண்ணெயில் பாதி மிதக்கும், இடுப்பைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். பொங்காதது தாழ்ந்து கிடக்கும், கோடு வராது, சில நேரம் பக்கம் வெடிக்கும்.

நான் இப்போது செய்வது மாவை இரண்டாகப் பிரிப்பதுதான். முதல் தடவை பொங்கி இரண்டு மடங்கானதும் ஒரு பாதியை வெட்டி ஒன்பது டோனட் செய்து வைப்பேன். மற்றப் பாதியை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, கால் மணித்தியாலம் கழித்துத்தான் வெட்டுவேன். முதல் ஒன்பதும் மூன்று தடவையில், 12 நிமிடத்தில் முடியும். அதுக்குள் இரண்டாவது தட்டு தயாராகிவிடும். எந்த ஒழுங்கில் வெட்டினேனோ அதே ஒழுங்கில் பொரிப்பேன். கச்சான் அடிக்கும்போது மேல் தோல் காய்ந்து வெடிக்கும், ஈரம் பிழிந்த துணியைத் தட்டுக்கு மேலே தொடாமல் கட்டிவிடுங்கள். பாலைச் சூடாக்கிச் சேர்க்கவே தேவையில்லை. இங்கே சாதாரணப் பாலே போதிய சூடு. வெட்டும்போதே ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவின சிறு பேக்கிங் பேப்பர் துண்டில் வையுங்கள். கையால் தூக்கினால் பொங்கின காற்று போய்விடும். பேப்பரோடு எண்ணெயில் இறக்கி, இரண்டு மூன்று செக்கனில் பேப்பரை இடுக்கியால் உருவி எடுக்கலாம்.

இனி எண்ணெய். 175 முதல் 180 பாகை வரை. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், ஓடருக்குச் செய்பவருக்கு அது செலவே இல்லை. அதுவரை ஒரு சுண்டு விரல் நுனியளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் உடனே மேலே வந்து, ஒரு நிமிடத்துக்குக் கிட்ட ஒரு பக்கம் பொன்னிறமானால் சரி. இருபது செக்கனிலேயே கறுத்தால் சூடு அதிகம். அந்த நேரம் வெளியே நிறம் வந்துவிடும், நடுவுக்குச் சூடு போயிருக்காது, நிறத்தைப் பார்த்து நாங்கள் எடுத்துவிடுவோம். முதல் தடவையில்தான் இது கூட நடக்கும், ஏனென்றால் டோனட் தயாராகட்டும் என்று எண்ணெயை அடுப்பில் காத்திருக்க விடுகிறோம். மா பொங்கட்டும், எண்ணெயைப் பிறகு மூட்டுங்கள். சீனி அதிகம் போட்டாலும் வெளி நிறம் முந்தும்.

160-க்குக் கீழே இறங்கினால் மேல் தோல் இறுகப் பிந்தும், நிறமும் வராது. எடுக்கிறதைத் தள்ளித் தள்ளி எண்ணெயை ஊறவிடுகிறோம். சின்னச் சட்டியில் அரை லீட்டர் எண்ணெயில் ஐந்தாறு போட்டால் இதுதான் நடக்கும். கனமான தாச்சியில் ஒன்றரை லீட்டராவது ஊற்றி, மூன்று மூன்றாகப் போடுங்கள், ஒவ்வொரு தடவையும் சூடு ஏறட்டும் என்று நில்லுங்கள். பொறுமை இல்லாதவர் வடை சுடலாம். (வடை எங்கட அம்மா சுட்டால் எண்ணெயே குறையாது, அது வேறு கதை.)

எண்ணெய் எது என்றும் கேட்பீர்கள். செக்கில் ஆட்டின தேங்காயெண்ணெய் இந்தச் சூட்டிலேயே புகைக்கத் தொடங்கும், வாசமும் டோனட்டை மூடிவிடும். சுத்திகரித்த வெள்ளைத் தேங்காயெண்ணெய் அல்லது பாம் எண்ணெய் நல்லது. ரோல்ஸ், பற்றிஸ் பொரித்த எண்ணெயில் போடாதீர்கள். அதிலே கிடக்கும் தூள் கருகிப் பழுப்பாக்கும். பலமுறை பாவித்துப் பிசுபிசுத்த எண்ணெய் டோனட்டில் ஒட்டிக்கொண்டு வடியவும் மாட்டாது.

வடிய விடுவதில் ஒரு காரியம் கவனியுங்கள். எண்ணெயில் கிடக்கும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் உள்ளே போவது குறைவு. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் நீராவி ஒடுங்கும், தோலில் ஒட்டியிருக்கிற எண்ணெயை டோனட் உள்ளே இழுக்கும். பெரும்பகுதி எண்ணெய் போவது அந்த நேரத்தில்தான். அதனால் எடுத்ததும் சட்டிக்கு மேலேயே இரண்டு உலுக்கு உலுக்கி, கடதாசியில் பக்கம் மாற்றி ஒற்றி, பிறகு கம்பி வலைத் தட்டில் வையுங்கள். நனைந்த கடதாசியிலேயே கிடந்தால் அடிப்பக்கம் திரும்பக் குடிக்கும்.

துளை இல்லாத ஜாம் டோனட் என்றால் 170-இல் வைத்து, பக்கத்துக்கு அரை நிமிடம் கூட்டுங்கள். முதல் தடவையில் ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். வெளியே கருமை, நடுவில் ஈர மா என்றால் சூட்டைக் குறையுங்கள். வெளி நிறம் அளவாக இருந்தும் நடுவில் இறுகின பட்டை தெரிந்தால் மிச்சத்தை இன்னும் பத்து நிமிடம் பொங்க விடுங்கள்.

சீனி தூவுவது கை பொறுக்கிற இளஞ்சூட்டில். சுடச்சுடத் தூவினால் உருகி மினுங்கும், வாங்குகிறவர் அதையும் எண்ணெய் என்றுதான் சொல்வார்.