சர்க்கரை நார்மல், பிறகு எப்படி இன்சுலின் பிரச்சினை?

கேள்வி: எனக்கு 27 வயது, எடை 72 கிலோ. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையான பி.சி.ஓ.எஸ். இருப்பதால் மாதவிடாய் 50, 60 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 92. ஆனாலும் கழுத்துக் கறுப்பைப் பார்த்துவிட்டு, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்கிறார் டாக்டர். காலையில் ஓட்ஸில் தேனும் வாழைப்பழமும் சேர்த்துச் சாப்பிட்டு, ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் குடிக்கிறேன். இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டேன். காலை 11 மணிக்கே பசி தாங்கவில்லை, எடையும் குறையவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். 92 என்ற எண் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அதை அந்த அளவில் வைத்திருக்கக் கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கிறது என்பது அதில் தெரியாது. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிகொடுக்காதபோது கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். சர்க்கரை பல வருடங்கள் நார்மலாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் கூடுதல் இன்சுலின்தான் சிக்கல். அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கிறது. அந்த ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாக உற்பத்தி செய்யும்படியும் செய்துவிடுகிறது. கருமுட்டை வெளிவராமல் மாதவிடாய் தள்ளிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கழுத்துக் கறுப்பும் இன்சுலின் மிகுதியின் அடையாளமே. தேய்த்துக் குளித்தால் போகாது.

இனி உங்கள் காலை உணவுக்கு வருவோம். 40 கிராம் ஓட்ஸில் மாவுச்சத்து சுமார் 26 கிராம். ஒரு வாழைப்பழத்தில் 25, இரண்டு டீஸ்பூன் தேனில் 12, 200 மில்லி ஜூஸில் 20. கூட்டினால் 80 கிராமைத் தாண்டுகிறது, புரதமோ 7 கிராம் போல்தான். ஒவ்வொன்றும் தனியாக நல்ல உணவுதான் என்பதால் இது கண்ணில் படுவதில்லை. ஓட்ஸ்மேல் தவறில்லை, அதோடு சேர்ந்தவைதான் கணக்கை ஏற்றின. ஜூஸும் தேனும் வேகமாக ரத்தத்தில் கலக்கும், பசியை நெடுநேரம் தாங்காது.

அதே 40 கிராம் ஓட்ஸை வைத்துக்கொள்ளுங்கள். தேனை விடுங்கள். வேகவைத்த இரண்டு முட்டையும் 100 கிராம் இனிப்பில்லாத தயிரும் சேருங்கள். ஜூஸுக்கும் வாழைப்பழத்துக்கும் பதிலாக ஒரு முழு ஆரஞ்சு. இப்போது மாவுச்சத்து 45 கிராம் அளவுக்கு இறங்கும், புரதம் 20 கிராமைத் தொடும். முட்டை சாப்பிடாதவர் என்றால் ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலை 14 கிராம் புரதம் தரும். அதிலேயே மாவுச்சத்தும் இருப்பதால் ஓட்ஸைப் பாதியாக்குங்கள். முட்டையையோ கடலையையோ முதலில் சாப்பிட்டுவிட்டு ஓட்ஸையும் பழத்தையும் கடைசியில் எடுத்தால் சர்க்கரை ஏறும் வேகம் இன்னும் தணியும். மதியமும் இதே வரிசைதான்: தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ மீனோ, மீதிக் கால் பங்கில் சோறோ ரொட்டியோ. சோற்றை அடியோடு விலக்க அவசியமில்லை. பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு மற்றெல்லாவற்றையும்விடச் சிறந்தது என்று நிரூபிக்கப்பட்ட ஒரே உணவுமுறை எதுவும் கிடையாது.

இரவுச் சாப்பாட்டை மீண்டும் தொடங்குங்கள். அதை நிறுத்தியவர்கள் பலர் 9, 10 மணிக்குப் பிஸ்கட்டிலும் இனிப்பு டீயிலும் பசியைத் தீர்த்துக்கொள்கிறார்கள். அது கணக்கில் வராமல் போகிறது. சின்ன அளவில், புரதம் இருக்கும்படி, சீக்கிரமே சாப்பிடுங்கள். பிறகு 15 நிமிடம் நடந்தால், வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்.

11 மணிப் பசி ஓரிரு வாரத்தில் குறைய வேண்டும். குறையவில்லையென்றால் காலைப் புரதம் போதவில்லை என்று பொருள். மாதவிடாயில் மாற்றம் தெரிய மூன்று மாதமாவது பிடிக்கும். அதற்குள் வேறொரு டயட்டுக்குத் தாவிவிடாதீர்கள். உங்கள் எடையில் 5 சதவீதம், அதாவது 3.6 கிலோ குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகத் தொடங்குகிறது. தராசைத் தினமும் பார்க்காமல், மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவை ஒரே இடத்தில் அளந்து எழுதிவையுங்கள்.

டாக்டரிடம் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அதில் 140-க்கு மேல் வந்தால், 92 மறைத்தது வெளியே தெரியும். இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை தந்திருந்தால் உணவு மாறியதும் நீங்களாக நிறுத்தக் கூடாது. நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் 90 நாளுக்கு மேல் வராமல் போனால் உணவு மாற்றம் பலிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும் என்பதால் அந்த நிலையில் மருந்து தேவைப்படும்.