மேல்முறையீட்டுக்கு நாள் தவறிவிட்டதா?

கேள்வி: ஐயா, நான் உவர்மலையில் இருக்கிறேன். காசி யாத்திரைக்கு ஒரு சென்னைப் பயண முகவரிடம் முற்பணம் கட்டினேன். பயணமும் நடக்கவில்லை, காசும் திரும்பவில்லை. அங்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்ட வழக்கு 10.02.2025 அன்று தள்ளுபடியானது. தீர்ப்பின் பிரதி தபாலில் மார்ச் 6ஆம் தேதிதான் கைக்கு வந்தது. ஏப்ரல் 12 முதல் 28 வரை அம்மாவோடு ஆஸ்பத்திரியில் நின்றேன். இப்போது மே தொடங்கிவிட்டது. இனி அப்பீல் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் அப்பீல் மனுவோடு, தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் தனி மனுவும் போக வேண்டும்.

முதலில் கணக்கு. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 41, மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போக 45 நாள் தருகிறது. சட்டத்தின் வாசகம் உத்தரவுத் தேதியில் இருந்து என்கிறது. நடைமுறையில், தரப்பினருக்கு இலவசமாகத் தரும் பிரதி கிடைத்த நாளில் இருந்துதான் பெரும்பாலும் எண்ணுகிறார்கள். கையில் இல்லாத தீர்ப்பை எதிர்த்து என்னவென்று எழுதுவது?

தொடங்கும் நாளைச் சேர்க்கக்கூடாது. மார்ச் 7 முதலாம் நாள், மார்ச் 31 இருபத்தைந்தாம் நாள், ஏப்ரல் 20 நாற்பத்தைந்தாம் நாள். அது ஞாயிறு, ஆகவே 21ஆம் தேதி திங்கட்கிழமை கொடுத்திருந்தால் தாமதமே இல்லை. இங்கே பலர் தவறுவது இடையில் வரும் லீவு நாட்களைக் கழிப்பதில்தான். சித்திரை வருடப்பிறப்பு, வெசாக் எதுவும் கழியாது. கடைசி நாளில் சென்னை அலுவலகம் பூட்டியிருக்கிறதா என்பது மட்டும்தான் கணக்கு.

அந்தத் திங்களையும் விட்டுவிட்டால் ஞாயிறின் சலுகை கிடையாது, தாமதத்தை 20ஆம் தேதிக்குப் பிறகிருந்தே எண்ணுங்கள். மே 9 அன்று தாக்கல் செய்வதாக வைத்தால் 19 நாள். உத்தரவுத் தேதியில் இருந்து எண்ணினால் கெடு மார்ச் 27உடன் முடிந்தது, தாமதம் 43 நாள். மனுவில் இரண்டையும் எழுதி, 43 நாள் என்று ஆணையம் கருதினாலும் அதையும் மன்னிக்கும்படி கேளுங்கள். குறைத்துக் கேட்டுவிட்டுப் பிறகு திருத்துவது பெரிய தலையிடி. மார்ச் 6தான் என்பதற்கு, முத்திரைத் தேதி தெரியும் தபால் உறையே சாட்சி. அதை எறிந்துவிடாதீர்கள். சான்றிட்ட பிரதியிலும் இலவசப் பிரதி கொடுத்த தேதி இருக்க வேண்டும், பாருங்கள்.

சரி, காரணம். 'போதிய காரணம்' இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, மன்னித்தே ஆகவேண்டும் என்றில்லை. நுகர்வோர் வழக்கு விரைவாக முடிய வேண்டியது, ஆகவே கெடுவை இலேசாக எடுக்கக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் அன்ஷுல் அகர்வால் வழக்கில் 2011இல் சொன்னது. 'சட்டம் தெரியாது', 'வக்கீல் சொல்லவில்லை' என்ற ஒற்றை வரி அங்கே எடுபடாது.

உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் 'அம்மாவுக்குச் சுகமில்லை' என்று மட்டும் எழுதினால் போதாது. அனுமதித்த தேதி, துண்டு வெட்டிய தேதி, உடன் நிற்க வேறு ஆள் இல்லை என்பது, எல்லாம் வரிசையாக வரட்டும். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டின் பிரதியை இணையுங்கள். நான் பயப்படுவது ஏப்ரல் 28க்குப் பிறகான நாட்களுக்குத்தான். அம்மா வீட்டுக்கு வந்த பிறகு ஏன் பதினொரு நாள்? எதிர்த்தரப்பு வக்கீல் பிடிக்கப்போகும் இடம் அதுதான். எந்தத் தேதியில் சென்னை வக்கீலுக்குத் தாள்கள் அனுப்பினீர்கள், எப்போது வரைவு வந்தது, எப்போது ஒப்பமிட்டீர்கள் என்று எழுதுங்கள். மின்னஞ்சலும் வட்ஸ்அப் செய்தியும் இதற்கு உதவும்.

மன்னிப்பு மனுவுக்குச் சத்தியக்கடதாசி கட்டாயம். இங்கே ஜே.பி. ஒருவரிடம் ஒப்பமிட்டதைச் சென்னைப் பதிவகம் கேள்வி கேட்கக்கூடும். கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் தூதரக அதிகாரி முன் சத்தியம் செய்து ஒப்பமிடுவதே பாதுகாப்பு. அதற்கான நேரம் பிடித்துப் போய்வரும் நாட்களும் தாமதத்தில் சேரும், எனவே இன்றைக்கே கேளுங்கள்.

ஆணையம் முதலில் இந்த மனுவைத்தான் எடுக்கும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், செலவுத்தொகை கட்டச் சொல்லியும் தாமதத்தை மன்னிக்கலாம். மறுத்துவிட்டால் முற்பணக் கதையை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள், அப்பீல் அதோடு முடிந்துவிடும்.